நேரலை அறுந்த இரவு: பதிவைத் துண்டு துண்டாகச் சேமிப்பது பற்றி

கொங்கு நாட்டுக் கிராமங்களில் வள்ளிக் கும்மி அரங்கேற்றம் என்றால் இப்போது கோயில் மைதானத்தில் ஒரு கேமராவும் இருக்கும். மாதக்கணக்கில் ஆசிரியரிடம் பயின்ற பெண்களும் குழந்தைகளும் ஒரே நிறச் சேலையில் வட்டமாக நின்று, வள்ளி திருமணக் கதையைப் பாடி அடவு போடுவார்கள். திருப்பூரில் வேலையில் இருக்கும் அண்ணன், பெங்களூரில் படிக்கும் மகள், துபாயில் இருக்கும் மாப்பிள்ளை எல்லோரும் நேரலையில் பார்ப்பார்கள். கோவை மாவட்டத்தைச் சேர்ந்த பத்திரப்பன் 2024ஆம் ஆண்டு பத்மஸ்ரீ பெற்ற பிறகு, இந்தக் கலையைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் எங்களைப் போன்ற பலருக்கும் வலுப்பட்டது.

நான் பதிவு செய்த முதல் அரங்கேற்றம் இரவு 7 மணிக்குத் தொடங்கியது. கிராமத்திலிருந்து வந்த நேரலையைக் கோவையில் என் வீட்டுக் கணினி ஒரே எம்பி4 கோப்பாக எழுதிக்கொண்டிருந்தது. 9.50க்கு எங்கள் தெருவில் மின்சாரம் நின்றது. கணினிக்கு யுபிஎஸ் இருந்தது. இணைய மோடத்துக்கு இல்லை. இணைப்பு அறுந்ததும் பதிவு நிரல் அப்படியே உறைந்தது. சில நிமிடம் பார்த்துவிட்டு அதை வலுக்கட்டாயமாக மூடினேன். வட்டில் 3.3 ஜிபி அளவுள்ள கோப்பு இருந்தது. திறந்தால் வந்தது ஒரே வரி: `moov atom not found`. இரண்டு மணி ஐம்பது நிமிடப் பாட்டும் ஆட்டமும் வட்டில் எழுதப்பட்டிருந்தும், ஒரு விநாடியைக்கூடப் பார்க்க முடியவில்லை.

அன்று முதல் இந்தக் கேள்வியை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்திருக்கிறேன். நேரலையைத் துண்டு துண்டாக எழுதினால் இணைப்பு அறுந்தாலும் எல்லாம் போகாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் தீர்வு. அது சரிதான், ஆனால் பாதிதான் சரி. இணைப்பு அறும்போது இரண்டு வெவ்வேறு இழப்புகள் நேரலாம். ஒன்று, ஏற்கெனவே வட்டுக்கு வந்துவிட்டது கெட்டுப்போவது. மற்றொன்று, இணைப்பு இல்லாத நேரத்தில் நடந்தது வந்து சேராமலே போவது. துண்டாக்குவது முதல் இழப்புக்கு மருந்து. இரண்டாவதற்கு வேறு மருந்து வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான், துண்டு துண்டாகப் பதிவு செய்தவர்களும் கடைசியில் பாட்டின் நடுவே ஒரு பள்ளத்தைக் கண்டு திகைக்கிறார்கள்.

கோப்பு ஏன் சாகிறது

எம்பி4 கோப்பில் படமும் ஒலியும் வரிசையாக எழுதப்படுகின்றன. எந்தப் படச்சட்டம் எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த நேரத்தில் காட்ட வேண்டும் என்ற அட்டவணை தனியாக ஓர் இடத்தில் இருக்கும். அதன் பெயர்தான் `moov`. வழக்கமான எம்பி4 பதிவில் எல்லாச் சட்டங்களும் வந்து முடிந்த பிறகே அந்த அட்டவணையை எழுத முடியும். ஆகவே அது கோப்பின் கடைசியில் வருகிறது. நிரல் ஒழுங்காக முடிந்தால் அட்டவணை எழுதப்படும். நிரல் கொல்லப்பட்டாலோ கணினியே அணைந்தாலோ எழுதப்படாது. உள்ளடக்கம் முழுவதும் இருந்தும் அதைப் படிக்க வழி இல்லாமல் போகும். அதே கருவியில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்று கையில் இருந்தால், அதை மாதிரியாக வைத்து `untrunc` போன்ற நிரல்கள் அட்டவணையை ஊகித்துக் கட்டிப் பார்க்கும். சில சமயம் வெற்றி கிடைக்கும். அதை நம்பிப் பதிவில் இறங்கக் கூடாது.

இங்கே ஒரு நுணுக்கம். இணைப்பு அறுந்ததனால் மட்டும் என் கோப்பு சாகவில்லை. மறுமுனை ஒழுங்காக இணைப்பை முடித்திருந்தால் பதிவு நிரல் அதை உணர்ந்து அட்டவணையை எழுதி முடித்திருக்கும். மோடம் திடீரென அணைந்ததால் மறுமுனையிலிருந்து எந்தச் சேதியும் வரவில்லை. நிரல் காத்துக்கொண்டே இருந்தது. நான் அதை மூடிய விதம்தான் கோப்பைக் கொன்றது. காத்திருப்புக்கு ஒரு காலவரம்பு வைக்காத பதிவு எதுவும் இந்த நிலைக்கு வரலாம்.

எம்கேவி வடிவம் இந்த ஆபத்தைப் பெரும்பாலும் தவிர்க்கிறது. அது உள்ளடக்கத்தைச் சிறு சிறு கொத்துகளாக எழுதி, ஒவ்வொரு கொத்திலும் நேரக் குறிப்பை வைக்கிறது. பாதியில் நின்றாலும் நின்ற இடம் வரை ஓடும்; வேண்டிய இடத்துக்குத் தாவுவது மட்டும் தடுமாறும். ஓபிஎஸ் நிரலில் எம்பி4ஐத் தேர்ந்தெடுத்தால் எச்சரிக்கை தோன்றுவது இதனால்தான். 2024இல் வந்த அதன் 30.2 பதிப்பில், இடையிடையே சிறு அட்டவணைகளை எழுதிக்கொண்டே போகும் கலப்பு எம்பி4 வடிவமும் சேர்க்கப்பட்டது.

மூன்றாவது, எம்பெக் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம். கோப்பு `.ts` என்று முடியும். ஒளிபரப்புக்காகவே உருவான வடிவம் இது. பார்ப்பவர் நடுவில் எப்போது டிவியைப் போட்டாலும் படம் தெரிய வேண்டும், காற்றில் சில துளிகள் தொலைந்தாலும் மீதி ஓட வேண்டும் என்பது அதன் அடிப்படைத் தேவை. எல்லாமே 188 பைட் பொட்டலங்களாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரே அடையாள பைட்டில் தொடங்கும். கோப்புக்கென்று தனி அட்டவணை கிடையாது. எந்த இடத்தில் வெட்டினாலும் வெட்டுக்கு முன்னால் உள்ளது உயிரோடு இருக்கும். பொட்டலத் தலைப்புகளால் அளவு சற்றுக் கூடும், அவ்வளவுதான். இணைய நேரலையில் வழக்கமாக வரும் எச்.264 படத்துக்கும் ஏஏசி ஒலிக்கும் இது பொருந்தும் என்பதால், இணையத்திலிருந்து பெறும் முனையில் நான் இதைத்தான் வைத்திருக்கிறேன்.

அப்படியானால் துண்டு எதற்கு?

நியாயமான கேள்வி. `.ts` கோப்பு பாதியில் நின்றாலும் சாகாது என்றால், ஒரே நீளக் கோப்பாக எழுதினால் என்ன? எழுதலாம். ஆனால் இணைப்பு அறுந்து பதிவை மறுபடி தொடங்கும்போது ஆபத்து வருகிறது. அதே பெயரில் எழுதச் சொல்லிய நிரல் பழைய கோப்பை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். எஃப்எஃப்எம்பெக் நிரலில் துண்டுகளுக்கு 000, 001, 002 என்று வரிசை எண் கொடுத்தாலும் இதே கதைதான். மறு தொடக்கத்தில் எண் மறுபடி 000இலிருந்து ஓடும். முதல் ஓட்டத்தில் எழுதிய துண்டுகள் ஒவ்வொன்றாக, கேட்காமலே, மேலெழுதப்படும். துண்டாக்கியும் எல்லாவற்றையும் இழக்க இது ஒரு நிச்சயமான வழி. ஆகவே துண்டின் பெயர் கடிகார நேரமாக இருக்க வேண்டும்.

துண்டால் இன்னும் இரண்டு பயன் உண்டு. எழுதி முடிந்த துண்டை, நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே வேறொரு வட்டுக்கு நகல் எடுத்துவிடலாம். வட்டில் ஓர் இடம் கெட்டாலும் சேதம் ஒரு துண்டோடு நிற்கும். அந்தக் காலத்து கேம்கார்டர்கள் நான்கு ஜிபிக்கு ஒரு கோப்பாகப் பிரித்ததற்குக் காரணம் அட்டையின் கோப்பு அமைப்பு விதித்த வரம்பு. ஆனால் கல்யாண வீடியோ எடுத்தவர்களுக்கு அந்தக் கட்டாயப் பிரிவே பலமுறை கைகொடுத்தது.

துண்டின் நீளத்தை எப்படி முடிவு செய்வது? விநாடிக்கு 2.6 மெகாபிட் ஓடும் நேரலையில் ஐந்து நிமிடத் துண்டு ஏறத்தாழ 100 எம்பி. மூன்று மணி நாற்பது நிமிட அரங்கேற்றத்துக்கு 44 துண்டுகள், மொத்தம் 4.4 ஜிபி. கையாள வசதியான எண்ணிக்கை. ஒரு நிமிடமாக்கினால் 220 துண்டுகளைச் சரிபார்க்க வேண்டும். அரை மணியாக்கினால் நகல் எடுக்க அரை மணி காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம் என்பதும் துல்லியமான ஐந்து நிமிடமாக இருக்காது. வந்த படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே எழுதும்போது, முழுப் படமும் தன்னுள் கொண்ட சட்டத்தில் மட்டுமே வெட்ட முடியும். இதைக் கீஃப்ரேம் என்பார்கள். மற்றச் சட்டங்கள் முந்தையதிலிருந்து மாறியதை மட்டும் சுமப்பவை. அவற்றில் தொடங்கினால் படம் சிதறும். அனுப்புபவர் இரண்டு விநாடிக்கு ஒரு கீஃப்ரேம் வைத்திருந்தால் துண்டு 300 முதல் 302 விநாடிக்குள் முடியும். அவர் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் வித்தியாசம் கூடும்.

அறுந்த நேரத்தில் நடந்தது எங்கே போனது?

இனி இரண்டாவது இழப்பு. இன்றைய நேரலைகளில் பெரும்பாலானவை எச்எல்எஸ் முறையில் வருகின்றன. ஆப்பிள் நிறுவனம் 2009இல் அறிமுகப்படுத்திய இந்த முறை, 2017இல் ஆர்எஃப்சி 8216 என்ற ஆவணமாகப் பதிப்பிக்கப்பட்டது. இதில் நேரலை ஒரு நீண்ட ஓட்டமாக வருவதில்லை. சர்வர் அதைச் சில விநாடிக்கு ஒரு சிறு கோப்பாக வெட்டி வைக்கிறது. தற்போது கிடைக்கும் கோப்புகளின் பெயர்களை `.m3u8` என்ற பட்டியலில் எழுதுகிறது. புதியது சேரச் சேரப் பழையது பட்டியலின் தலையிலிருந்து உதிர்கிறது. பார்ப்பவரின் நிரல் பட்டியலை மறுபடி மறுபடி படித்துப் புதியவற்றை எடுத்துக்கொள்கிறது.

இதன் பொருளைக் கவனியுங்கள். உங்கள் வீட்டு இணைப்பு மூன்று நிமிடம் அறுந்தாலும், சர்வர் பத்து நிமிடக் கோப்புகளைப் பட்டியலில் வைத்திருந்தால் எதுவும் தொலையவில்லை. அந்த மூன்று நிமிடம் சர்வரில் உங்களுக்காகக் காத்திருக்கிறது. பட்டியலில் நிற்கும் இந்தக் கால அளவைத்தான் சாளரம் என்கிறேன். சாளரத்தைவிடச் சிறிய அறுபடல் இழப்பல்ல, தாமதம் மட்டுமே. சாளரத்தைவிடப் பெரிய அறுபடலில், பெரிதான அளவுக்கு இழப்பு.

ஆனால் எஃப்எஃப்எம்பெக் தானாக அந்தச் சாளரத்தைப் பயன்படுத்துவதில்லை. நேரலைக்குப் புதிதாக இணையும்போது பட்டியலின் கடைசியிலிருந்து மூன்றாவது கோப்பில் தொடங்குவது அதன் இயல்பு. பார்ப்பவருக்கு அதுதான் வேண்டும். பதிபவருக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. பட்டியலின் முதல் கோப்பிலிருந்து தொடங்கச் சொன்னால், மறு இணைப்பில் பள்ளம் விழுவதற்குப் பதிலாக மேற்பொருத்தம் உண்டாகும். சில நிமிடம் இரண்டு முறை பதிவாகும். இரட்டிப்பைப் பிறகு வெட்டி எடுக்கலாம். இல்லாததை எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. நான் இப்போது பயன்படுத்தும் கட்டளை இது:

```bash
while true; do
  ffmpeg -nostdin -rw_timeout 15000000 \
    -live_start_index 0 -seg_max_retry 5 -i "$URL" \
    -c copy -f segment -segment_format mpegts \
    -segment_time 300 -reset_timestamps 1 -strftime 1 \
    "/data/kummi/%Y%m%d_%H%M%S.ts" 2>> /data/kummi/log.txt
  sleep 2
done
```

முதல் வரியின் சுழற்சி, நிரல் எந்தக் காரணத்தால் நின்றாலும் அதை இரண்டு விநாடியில் மறுபடி தொடங்கிவைக்கும். `-rw_timeout` மைக்ரோவிநாடியில் அளக்கப்படுகிறது. 15 விநாடி எதுவும் வராவிட்டால் காத்திருக்காமல் கைவிடு என்று சொல்கிறது. என் முதல் இரவில் இல்லாமல் போனது இதுதான். `-live_start_index 0` சாளரத்தின் தலையிலிருந்து தொடங்க வைக்கிறது. `-strftime 1` கடிகார நேரத்தைத் துண்டின் பெயராக்குகிறது.

`-seg_max_retry` பற்றித் தனியே சொல்ல வேண்டும். இணைப்பு ஐந்தாறு விநாடி மட்டும் தடுமாறினால் நிரல் நிற்காது. எடுக்க முடியாமல் போன ஒரு சிறு கோப்பைத் தாண்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். சுழற்சிக்கு வேலையே வராது. பதிவில் சில விநாடி ஓசையில்லாமல் காணாமல் போகும். மறு முயற்சி எண்ணிக்கையைக் கொடுத்தால் தாண்டுவதற்கு முன் மறுபடி கேட்டுப் பார்க்கும். புதிய பதிப்புகளில்தான் இந்த வசதி உண்டு. பழைய பதிப்பு இதை அறியாத சொல் என்று மறுத்தால் நீக்கிவிட்டு ஓட்டலாம். `log.txt` கோப்பில் `Failed to open segment` அல்லது `expired from playlists` என்ற சொற்கள் தென்பட்டால் எங்கோ பள்ளம் விழுந்திருக்க வாய்ப்புண்டு என்று பொருள்.

அறுந்தது எந்தப் பக்கம்?

மேலே சொன்னதெல்லாம் சர்வருக்கும் பதிபவருக்கும் இடையிலான அறுபடலுக்கு மட்டும். கிராமத்திலிருந்து சர்வருக்குப் போகும் வழியிலும் இணைப்பு அறும். கொங்கு நாட்டு நிகழ்ச்சிகளில் அதுதான் அதிகம். அதற்குக் காரணமும் உண்டு. மைதானத்துக்கு இணையம் பெரும்பாலும் செல்போன் வழியாகத்தான் வருகிறது. மாலையில் சோதித்துப் பார்க்கும்போது வேகம் நன்றாக இருக்கும். எட்டு மணிக்குக் கூட்டம் கூடி, ஆளுக்கொரு போனில் பெண்ணின் ஆட்டத்தைப் படமெடுத்து அனுப்பத் தொடங்கியதும் அதே கோபுரம் திணறும். கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரமும் ஆட்டம் உச்சத்தில் இருக்கும் நேரமும் ஒன்றே. கும்பாபிஷேக நேரலையிலும் இதே நிலைதான்: பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கலசத்தில் நீர் ஊற்றும் அந்தச் சில நிமிடத்தில்தான் இணைப்பு மிகவும் நெரிசலாக இருக்கும்.

இந்தப் பக்கம் அறுந்தால் சர்வருக்கே எதுவும் வந்து சேரவில்லை. சாளரம் எவ்வளவு நீளமாக இருந்தும் பயனில்லை. சர்வரின் இந்தப் பக்கம் நூறு பேர் நூறு கணினியில் பதிந்தாலும் நூறு பதிவிலும் அதே பள்ளம் இருக்கும். எஸ்ஆர்டி போன்ற அனுப்பும் முறைகள் தொலைந்த பொட்டலத்தை மறுபடி கேட்டு வாங்கும். ஆனால் அதற்கென்று ஒதுக்கிய தாமத அளவுக்குள் மட்டுமே. சில நூறு மில்லிவிநாடி ஒதுக்கியிருந்தால் சிறு தடுமாற்றத்தைத் தாங்கும், ஒன்றரை நிமிட அறுபடலைத் தாங்காது.

ஆகவே கிராமத்திலேயே ஒரு பதிவு வேண்டும். ஓபிஎஸ் நிரலில் நேரலையும் பதிவும் தனித்தனியாக ஓடுகின்றன. நேரலை அறுந்தாலும் பதிவு தொடரும். ‘ஸ்டார்ட் ஸ்ட்ரீமிங்’ பொத்தானை அழுத்துபவர் ‘ஸ்டார்ட் ரெக்கார்டிங்’ பொத்தானையும் அழுத்த வேண்டும், அவ்வளவே. மேம்பட்ட அமைப்பில் தானாகக் கோப்பைப் பிரிக்கும் வசதியும் உண்டு. பதிவுக்கும் நேரலையின் அதே என்கோடரைத் தேர்ந்தெடுத்தால் கணினிக்குக் கூடுதல் சுமை இல்லை. பின்னால் ஒட்டும்போது இரண்டும் ஒரே அளவு, ஒரே தரமாக இருப்பதால் மறுபடி சுருக்கவும் தேவைப்படாது.

“லைவ் போகுதுங்கண்ணா, அதுவே யூடியூப்ல நிக்குமில்லீங்களா” என்று, நான் பதிவு செய்த இரண்டாவது அரங்கேற்றத்தில் வீடியோ எடுத்த தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார். நிற்கும். 12 மணி நேரத்துக்கு உட்பட்ட நேரலையை யூடியூப் தானாகச் சேமித்து வைக்கும். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்ததைத்தான் அது சேமிக்கும். அந்தப் பதிலைச் சொன்னதும் அவர் மடிக்கணினியில் பதிவுப் பொத்தானை அழுத்தினார். அந்தப் பதிவுதான் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

ஓர் இரவின் கணக்கு

அந்த இரண்டாவது அரங்கேற்றத்தின் கணக்கை முழுவதும் சொல்கிறேன். நிகழ்ச்சி இரவு 7.00 முதல் 10.40 வரை, அதாவது 13,200 விநாடி. கிராமத்திலிருந்து நேரலை நாங்கள் வாடகைக்கு எடுத்த ஒரு சிறு சர்வருக்கு வந்தது. அங்கே என்ஜின்எக்ஸ் சர்வரும் அதன் ஆர்டிஎம்பி இணைப்பும் அதை எச்எல்எஸ் ஆக்கின. சாளரத்தைத் தீர்மானித்த வரிகள் இவை:

```
hls on;
hls_path /data/hls;
hls_fragment 4s;
hls_playlist_length 10m;
hls_continuous on;
```

சொல்லாமல் விட்டால் இந்தச் சாளரத்தின் இயல்பு 30 விநாடிதான். அதைப் பத்து நிமிடமாக்கியதற்குச் சர்வரில் 200 எம்பி இடம் மட்டுமே செலவு.

7.52.10க்கு என் வீட்டு இணைப்பு நின்றது. 7.55.40க்குத் திரும்பியது. சுழற்சி மறுபடி தொடங்கி, சாளரத்தின் தலையான 7.45.40இலிருந்து எடுத்தது. முதல் ஓட்டம் 3,130 விநாடி தந்திருந்தது. இரண்டாவது ஓட்டம் 7.45.40 முதல் 10.40 வரை 10,460 விநாடி தந்திருக்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் கேட்டுக் கூட்டினேன்:

```bash
for f in *.ts; do
  ffprobe -v error -show_entries format=duration -of csv=p=0 "$f"
done
```

இரண்டாவது ஓட்டத்தின் கூட்டுத்தொகை 10,355 என்று வந்தது. 105 விநாடி குறைவு. படத்தை ஓட்டிப் பார்த்தால் எங்கும் கறுப்புத் திரை இல்லை, உறைந்த காட்சி இல்லை. காரணம், கிராமத்தின் பக்கம் 8.31.05 முதல் 8.32.50 வரை அறுந்திருந்தது. சர்வர் அந்த இடத்தில் பட்டியலில் `#EXT-X-DISCONTINUITY` என்று குறித்துவிட்டு, வரிசை எண்ணைத் தொடர்ச்சியாகவே ஓட்டியது. பதிவு நிரலும் நேரக் குறிப்பில் ஏற்பட்ட தாவலைத் தானாக நிரவிவிட்டது. விளைவாக, ஒரு பாட்டின் நடு அடியிலிருந்து அடுத்த பாட்டின் நடு அடிக்குப் படம் நேரே தாவியிருந்தது. கும்மியில் ஒரே அடவு திரும்பத் திரும்ப வருவதால் கண்ணுக்கு அது பிடிபடவே இல்லை. கடிகாரக் கணக்கு மட்டுமே காட்டிக்கொடுத்தது. ஆகவே நிகழ்ச்சி தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் தாளில் எழுதி வைப்பதும், துண்டுகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுவதும் தவிர்க்க முடியாத வேலை என்று கற்றுக்கொண்டேன்.

அந்த 105 விநாடியைத் தம்பியின் மடிக்கணினியில் இருந்த எம்கேவி பதிவிலிருந்து எடுத்தோம். மேற்பொருத்தம் 7.45.40 முதல் 7.52.10 வரை, 390 விநாடி. அதை இரண்டாவது ஓட்டத்தின் தலையிலிருந்து வெட்டினோம். 3,130உம் 10,355உம் கூட்டி 390ஐக் கழித்தால் 13,095. அதோடு 105ஐச் சேர்த்தால் 13,200. கணக்கு நேரானது.

வெட்டும் இடத்தைக் கண்டுபிடிப்பதில் ஒரு பாடம் உண்டு. ஒலி அலையைத் திரையில் வைத்து இரண்டு பதிவையும் பொருத்தப் பார்த்தேன். பம்பையின் அடி ஒரே சீராக வருவதால் எங்கு வைத்தாலும் பொருந்துவதுபோலத் தோன்றியது. பாட்டை விட்டுவிட்டு, இடையில் ஆசிரியர் ஒரு குழந்தையைப் பெயர் சொல்லி “காலை எடுத்து வை சாமி” என்று அதட்டிய இடத்தைத் தேடினேன். திரும்ப வராத அந்தக் குரலில் இரண்டு பதிவும் ஐயமின்றிப் பொருந்தின.

துண்டுகளை ஒட்டுவது எளிது. பெயர்கள் நேர வரிசையில் இருப்பதால் பட்டியல் தானாக அமையும்:

```bash
ls *.ts | sed "s/^/file '/; s/$/'/" > list.txt
ffmpeg -f concat -safe 0 -i list.txt -c copy arangetram.mp4
```

எல்லாத் துண்டும் ஒரே படஅளவிலும் ஒரே ஒலி அமைப்பிலும் இருந்தால்தான் இது ஒழுங்காக வரும். நடுவில் அனுப்புபவர் 1080ஐ 720 ஆக்கியிருந்தால், அந்த இடத்தோடு பிரித்து இரண்டு கோப்பாக வைப்பதே நல்லது.

ஏமாற்றுபவை சில

நிரல் ஓடுகிறது என்பதால் பதிவு நடக்கிறது என்று பொருளல்ல. வட்டு நிறைந்திருக்கலாம்; சர்வர் பழைய பட்டியலையே தந்துகொண்டிருக்கலாம். பார்க்க வேண்டியது நிரலை அல்ல, கோப்பை. கடைசி ஒரு நிமிடத்தில் எழுதப்பட்ட கோப்பு ஏதாவது உண்டா என்று `find /data/kummi -name '*.ts' -mmin -1` கேட்டுச் சொல்லும். பதில் வெறுமையாக இருந்தால் உடனே கவனிக்க வேண்டும்.

துண்டின் பெயரில் இருப்பது என் கணினி எழுதத் தொடங்கிய நேரம். மைதானத்தில் நடந்த நேரம் அல்ல. வழக்கமாக எச்எல்எஸ் நேரலை அரை நிமிடம் வரை பின்தங்கி வரும். மறு இணைப்பில் பத்து நிமிடப் பழைய பகுதி சில விநாடியில் வேகமாக இறங்கும்போது பெயருக்கும் நிகழ்வுக்கும் உள்ள தூரம் இன்னும் கூடும். மேலே சொன்ன கணக்கில் அந்தத் தாமதத்தைக் கழித்துவிட்டே நேரங்களைக் கொடுத்திருக்கிறேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் சுழற்சியை நிறுத்த மறக்கக் கூடாது. முடிந்துவிட்டது என்று சர்வர் பட்டியலில் குறித்த பிறகும் சுழற்சி ஓடினால், கடைசிப் பத்து நிமிடத்தையே திரும்பத் திரும்ப இறக்கி வட்டை நிரப்பும். மீடியாஎம்டிஎக்ஸ் போன்ற சர்வர் நிரலில் பதிபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: `recordDeleteAfter` என்ற அமைப்பின் இயல்பு ஒரு நாள். மாற்றாமல் விட்டால் அடுத்த நாள் இரவு துண்டுகளை அதுவே அழித்துவிடும்.

மின்சாரம் நேரடியாகக் கணினியிலேயே போனால், எழுதியதாகத் தோன்றும் கடைசிப் பகுதி நினைவகத்திலேயே நின்றிருக்கலாம். லினக்ஸ் கணினியில் அது வழக்கமாக அரை நிமிட அளவு. இதற்காகக் கவலைப்படுவதைவிட யுபிஎஸ் வாங்குவது எளிது. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு அறிவிக்கும் மின்தடை நாளைப் பார்த்துக்கொள்வதும் நல்லது. மோடத்தின் ஒயரையும் அதே யுபிஎஸ்ஸில் செருக வேண்டும். என் முதல் இரவை அந்த ஒரு செருகல் காப்பாற்றியிருக்கும்.

எதைப் பதியலாம்?

இந்த முறையைப் பிறருடைய நேரலை மீது பயன்படுத்துவதற்கு எல்லை உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, ஒளிபரப்பைத் தன் சொந்தப் பயனுக்கோ உண்மையான கற்பித்தல், ஆராய்ச்சிக்கோ பதிவு செய்வதை அனுமதிக்கிறது. யூடியூப் போன்ற தளங்களின் விதிகள் வேறு. அவை அனுமதியின்றிப் பதிவிறக்குவதைத் தடை செய்கின்றன. நாங்கள் ஆசிரியரிடமும் ஊர்க்காரர்களிடமும் கேட்டுவிட்டு, எங்கள் சர்வர் வழியாக வரும் நேரலையை மட்டும் பதிகிறோம். ஆடும் பெண்களில் யாராவது தன் முகம் சேமிப்பில் இருக்க வேண்டாம் என்றால் அதற்கும் மதிப்பு உண்டு.

முடிவாக

பல முறைகளையும் அலசிப் பார்த்தபின் நான் சேரும் இடம் இது. துண்டாக்குவது, சாளரத்தின் தலையிலிருந்து தொடங்குவது, மைதானத்திலேயே பதிவது ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு அறுபடல்களுக்கு எதிரானவை. முதலாவது, வட்டுக்கு வந்ததைக் காக்கிறது. இரண்டாவது, சர்வர் வரை வந்து நம்மிடம் வராததை மீட்கிறது. மூன்றாவது, சர்வருக்கே போகாததைத் தருகிறது. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. ஒன்றை மட்டுமே செய்ய முடியும் என்ற நிலையில் இருப்பவருக்கு என் பரிந்துரை மூன்றாவதுதான், ஏனென்றால் அங்கே அறுவதற்கு இணைப்பே இல்லை.

அட்டவணை இல்லாத அந்த 3.3 ஜிபி கோப்பு இன்னும் என் வட்டில் இருக்கிறது. மீட்கப் பலமுறை முயன்றும் கைகூடவில்லை. அன்று பாடிய ஆசிரியரை மறுபடி சந்தித்து, அதே ஊரில் அதே பாட்டுகளை வெறும் குரலாகப் பாடச் சொல்லிப் பதிந்துவந்தேன். ஐந்து நிமிடத் துண்டுகளாக, இரண்டு கருவிகளில்.